பெரியப்பாவுக்கு நான் எழுதிய லீவ் லெட்டர்

அப்போது நான் திண்டிவனத்தில் ஐந்தாம் வகுப்பு. பெரியப்பா ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. விழுப்புரம் போகும்போதெல்லாம் கூட்டேரிப்பட்டில் காரை நிறுத்தி, ஜனங்களோடு டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். எனக்கு அங்கே வேகவைத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கிடைக்கும்.

அந்த ஊர் நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுக்க அரசு கிளம்பியது. "நான் இருக்கிறவரைக்கும் விடமாட்டேன்" என்று டீக்கடையிலேயே பெரியப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அதே சமயம் சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தது. அரசுக்கு நாலைந்து பேர்தான் கூடுதல். ஆதரிக்க மனசு வரவில்லை; எதிர்த்தால் கட்சித்தாவல் சட்டத்தில் பதவி போகும். மனுஷன் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது!

அரசு தப்பித்தது, பெரியப்பா மாட்டிக்கொண்டார். வக்கீலான அத்தை வீட்டுக்காரர் வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"கொறடா உத்தரவு போட்டப்புறம் போவாம இருந்தாலும் தப்புதான், மச்சான். முன்னாடியே பர்மிஷன் வாங்கியிருக்கணும். இப்ப பதினஞ்சு நாளுக்குள்ள கட்சி மன்னிச்சாதான் உண்டு. இல்லன்னா சபாநாயகர்கிட்ட மனு போவும், சீட்டு காலி."

எதிர்க்கட்சியிலிருந்தும் போன் வந்தது. ராஜினாமா செய்துவிட்டு வந்தால் இடைத்தேர்தலில் நிற்க வைக்கிறார்களாம். "ஓட்டுப் போட்டவங்க மூஞ்சில எப்டி முழிக்கிறது?" என்று பெரியப்பா வைத்துவிட்டார்.

பெரியவர்கள் காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் விஷயம் சுலபமாகப் புரிந்தது. பெரியப்பா லீவ் லெட்டர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கோடு போட்ட நோட்டில் 'மதிப்பிற்குரிய ஐயா, எனக்குக் கடும் காய்ச்சல்' என்று எழுதி, பெற்றோர் கையெழுத்து இடத்தில் என் பெயரையே போட்டேன். பன்னிரண்டாம் நாள் கட்சிக் கொறடா வீட்டுக்கு வந்தபோது அதை அவர் கையில் திணித்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவரும் பெரியப்பாவும் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார்கள்.

பதினாலாம் நாள் மன்னிப்புக் கடிதம் வந்தது. நான் குதித்த குதியில் பக்கத்து வீடு எட்டிப் பார்த்தது. "நீதாண்டி தங்கம் என்னக் காப்பாத்துன" என்று பெரியப்பா தூக்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம்தான் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் கூட்டேரிப்பட்டு நிலத்தை எடுக்கும் மசோதா சபைக்கு வந்தது. மறுபடியும் கொறடா உத்தரவு. இந்த முறை பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. ஆதரிப்பவர்களை எழுந்து நிற்கச் சொன்னதும் அவர் எழுந்து நின்றதை டிவியில் காட்டினார்கள். லீவ் போடாமல் போயிருக்கிறாரே என்று நான் கைதட்டினேன். பெரியம்மா டிவியை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு விழுப்புரத்துக்கு நாங்கள் காரில் போகவே இல்லை. பெரியப்பா என்னை ரயிலில் கூட்டிப்போனார், ஜன்னலோரம் உட்காரவைத்து. எனக்கு ரயில் பிடிக்கும் என்பதற்காகத்தான் என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.