மாமாவிடம் காட்டிய அடையாளச் சான்று

“காலேஜ் படிச்சா மட்டும் பான் கார்டு வந்துடுமா? பிரவுசிங் சென்டர்ல குடு, நீ போட்டா தப்பாப் போடுவ” என்றார் ஆட்டோ ஓட்டும் என் தாய்மாமா. எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரி வரை படித்தவள் நான்; விடுவேனா?

தி.நகர் ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பான் கார்டுக்கு விண்ணப்பித்த ரசீதையாவது காட்ட வேண்டும். மயிலாப்பூர் வீட்டில் உட்கார்ந்து அடையாளத்துக்கும் முகவரிக்கும் ஆதாரையும், பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பதிவேற்றினேன். பணமும் கட்டியாயிற்று. கடைசியில் மின்கையொப்பத்துக்கு, ஆதாரில் பதிந்த நம்பருக்கு வரும் ஓடிபியை இணையதளம் கேட்டது. அது என் போனுக்கு வரவில்லை. சின்ன வயதில் ஆதார் எடுக்கக் கூட்டிப்போன மாமா, தன் நம்பரையே கொடுத்திருந்தார்.

வடபழனியில் சவாரிக்காக நின்றுகொண்டிருந்தவரை அழைத்தேன்.

“வந்துகீது. ஆனா யார்கிட்டயும் சொல்லாதேன்னு போட்டுக்கீதே. நீதான கத்துக் குடுத்த?”

“மாமா, நேரம் போவுது.”

“நீதான் பேசறன்னு இன்னா ஆதாரம்?”

“பீச்ல மூணு பிளேட் பஜ்ஜி துன்னுட்டு, அத்தைகிட்ட பசியே இல்லன்னு சொன்னியே.”

மறுநொடியே எண்களைச் சொன்னார். ஒப்புகை எண் திரையில் வந்தபோது சிரிப்பில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஆதாரில் என் நம்பரைச் சேர்க்க, ஆதார் மையத்தில் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன்.