இது எந்த ஊர் மணி?

எங்கள் போலீஸ் சைபர் பிரிவில் ஓர் ஏட்டம்மாவுக்கு மணியக்கா என்று பட்டப்பெயர். எந்தத் தாளை நீட்டினாலும், "இது எந்த ஊர் மணி?" என்பார். எல்லோரும் கேலி செய்வார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அது எப்படி ஆரம்பித்தது என்று பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவன் நான்.

ஒரு நர்ஸுக்குச் சமூக வலைத்தளம் ஒன்றில் பெயர் தெரியாத கணக்கிலிருந்து கொலை மிரட்டல். அந்தத் தளத்துக்கு எழுதிக் கேட்டோம். கணக்கில் இருந்த பெயர் பொய், மின்னஞ்சலும் பொய். ஆனால் எந்த ஐபி முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு உள்ளே வந்தான் என்பதைத் தந்தார்கள். இணைய இணைப்புக்குக் கொடுக்கப்படும் இந்த ஐபி எண் வாடகை வீடு மாதிரி, ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்று இணைய நிறுவனம்தான் சொல்ல முடியும். முறைப்படி கடிதம் போனால் சொல்லியே ஆகவேண்டும். கடிதத்தை அக்காதான் டைப் செய்தார். ஒரு தையல்காரரின் பெயரும் விலாசமும் பதிலாக வந்தன.

கழுத்தில் அளவு நாடாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் மனுஷன். தெருவே பார்க்க ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார்கள்.

"ஐயா, எனக்குப் போன்ல பேசத்தான் தெரியும்யா. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குது. என்னைப் போய்..."

"ஐபி பொய் சொல்லாதுய்யா," என்றார் இன்ஸ்பெக்டர். கைது மெமோ தயாராகிக்கொண்டிருந்தது.

அக்கா கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு வரியில் விரலை வைத்தார். தளம் அனுப்பிய தாளில் மணிக்குப் பக்கத்தில் 'யூடிசி' என்று மூன்று எழுத்து. உலகப் பொது நேரம். நம் கடிகாரத்துக்கும் அதற்கும் மணிக்கணக்கில் வித்தியாசம். கடிதத்தில் அந்த மூன்று எழுத்தும் விட்டுப்போயிருந்தது. இணைய நிறுவனம் அதை நம் நேரமாகவே எடுத்துக்கொண்டு, அப்போது அந்த எண் இருந்த வீட்டைக் காட்டிவிட்டது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நானாக இருந்தால் சத்தியமாக மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

"சார், தப்பு என்னோடது. நேரத்தை மாத்திக் கேக்கணும். இவரை விட்டுடுங்க."

"அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர். திருத்திய கடிதம் போனது. இந்தத் தடவை வேறொரு வீடு. "ஐபி வாசல் வரைக்கும்தான் சார் கூட்டிட்டுப் போகும், உள்ள யாருன்னு நாமதான் பாக்கணும்," என்று அக்கா சொல்ல, அங்கிருந்த போன்களைப் பரிசோதித்தோம். மிரட்டியவன் சிக்கினான். அக்காவுக்கு ஒழுங்கு நடவடிக்கை மெமோ கிடைத்தது, பதவி உயர்வு போனது.

விடுவித்த பிறகும் தையல்காரர் வீட்டுக்குப் போகாமல் நின்றார். "நீங்க விட்டுட்டீங்கம்மா. தெரு விடுமா?"

மறுநாள் சாயங்காலம் அக்கா யூனிஃபார்மோடு அவர் கடை முன்னால் போய் நின்றார். தெருவே எட்டிப் பார்த்தது.

"இவர் மேல ஒரு தப்பும் இல்ல!" என்றார், கடைசி வீடு வரை கேட்கும்படி. "தப்புப் பண்ணது நான்."