பத்து இருபத்தைந்துக்கு வருவேன்

அந்தச் சனிக்கிழமை ஈப்போவிலிருந்து நான் கிளம்பியபோது மணி எட்டு பதினைந்து. சுங்காய்க்கு அப்பால் இருக்கும் பழைய தோட்டத்தில் பத்து மணிக்குக் கூட்டம். கூட்டம் என்றால் மேசை நாற்காலி போட்டு நடப்பதில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே, ஒரு காலத்தில் தண்ணீர்த் தொட்டி நின்ற சிமெண்டு மேடையின் அருகில் நாங்கள் நால்வர் நின்று பேசுவது. ஆனால் நான் செயலாளர் என்பதால் அதற்கும் நிகழ்ச்சிக்குறிப்பு உண்டு.

எங்கள் குழுவில் மூன்று பேர். தலைவர் சுங்காயில் உணவகம் நடத்துகிற தமிழ் முஸ்லிம். அவருடைய தகப்பனார் அந்தத் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அடுத்தவர் ஓர் அக்கா. மருத்துவமனை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், தோட்டத்தின் மூன்றாவது லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவர். மூன்றாவது நான். நான்காவதாக வருபவர் தோட்டத்தை இப்போது வைத்திருக்கும் நிறுவனத்தின் இளம் மலாய் அதிகாரி. கிழட்டுச் செம்பனையை வெட்டிவிட்டு மறுநடவு செய்யப் போகிறார்கள். திங்கட்கிழமை மண் தோண்டும் இயந்திரம் இறங்கும். அதற்குள் எங்கள் பழைய இடுகாட்டின் எல்லையில் கழி நட்டு, அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தத் துண்டு நிலத்தை விட்டுவிடுவார்கள். அவருக்குப் பதினொன்றரைக்கு வேறு வேலை இருந்தது.

வரைபடம் என்னிடம் இருந்தது. தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதிய பழைய கிராணி ஒருவர் கையால் வரைந்து வைத்திருந்ததை நான் நகல் எடுத்து, புதைத்தவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, மூன்று மாதம் உட்கார்ந்து சரிசெய்திருந்தேன். ஒருவர்கூட விடுபடவில்லை என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவருக்கு அது போதவில்லை. மூன்று வயதில் காய்ச்சலில் இறந்த அவருடைய தம்பி என் பட்டியலில் இல்லை. எங்கே புதைத்தார்கள் என்று அவருக்கு நினைவில்லை. அப்பா பால் மங்குகளைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிலும் வரம்பு கட்டினார் என்பது மட்டும் நினைவிருந்தது. தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் பால்மரத்தில் கட்டி வைத்த அந்தச் சின்னக் கோப்பைகள்தான். பிள்ளைகளையும் பெரியவர்களோடுதான் புதைத்திருப்பார்கள், பெயர் மட்டும் எழுதாமல் விட்டிருப்பார்கள் என்று நான் விளக்கம் சொன்னேன்.

தாப்பாவுக்கு முன்னால் நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. முக்கால் மணி நேரம் வண்டி நகர்ந்ததாகவே சொல்ல முடியாது. ஒருவழியாகத் தாப்பாவில் வெளியேறி, ஒரு கடை ஓரமாக நிறுத்தி, கைப்பேசியை எடுத்தேன். மணி ஒன்பது நாற்பது.

எனக்கு ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்துக்குத் தாமதமானபோது, மழை, பெட்ரோல் நிலைய வரிசை, மைத்துனரின் தொலைபேசி அழைப்பு எல்லாவற்றையும் நேரவாரியாக எழுதி, கடைசியில் "இதோ வந்துகொண்டே இருக்கிறேன்" என்று முடித்திருந்தேன். அதை நம்பி அவர்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தலைவர் தம் உணவகத்தில், தேநீர் ஆற்றுகிறவர் உட்பட எல்லோருக்கும் அதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கிராணி, கட்டுரை நல்லா இருக்கு லா," என்றார், கூட்டக்குறிப்பு எழுதுகிற எனக்கு அவர் வைத்த பெயரால். "ஆனா எங்களுக்கு ஒன்னுதான் தெரியணும். எத்தன மணிக்கு வருவீங்க?"

அன்றும் விரல் பழைய வழக்கத்தில்தான் ஓடியது. லாரி, போலீஸ், மழைத் தூறல் என்று ஆறு வரி எழுதிவிட்டேன். "எந்த நேரமும் வந்துவிடுவேன்" என்றுகூட இருந்தது. பிறகு அந்த உணவகமும் சிரிப்பும் நினைவுக்கு வந்து அத்தனையையும் அழித்தேன். தாப்பாவிலிருந்து பீடோர் வழியாகப் பழைய சாலையில் எவ்வளவு நேரம், தோட்டத்து மண் பாதையில் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டு, எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவில் இப்படி எழுதினேன்:

"மன்னிக்கவும், தாமதமாகிவிட்டது. 10.25க்கு வருவேன். எனக்காகக் காத்திருக்காமல் தொடங்குங்கள். வரைபடத்தின் படம் கீழே."

படத்தை அனுப்பினேன். அதையே இரண்டு வரியில் மலாயில் அதிகாரிக்கும் அனுப்பினேன். தோட்டத்துக்குள் போய்விட்டால் அலைவரிசை கிடைக்காது. அவர்கள் அப்போது சுங்காய் உணவகத்தில்தான் இருந்தார்கள் போலும். உடனே "சரி" என்று அக்காவின் பதில் வந்தது.

நான் சிமெண்டு மேடை அருகே வண்டியை நிறுத்தியபோது பத்து இருபத்து நான்கு. தூறல் விடவில்லை. மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன். தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் குடையைப் பார்த்தார். கறுப்புக் குடை, எல்லார் வீட்டிலும் இருப்பது.

"இப்பதான் வாரீங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன். இதற்கு முன்னால் இந்தப் பக்கம் இறங்கினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அதிகாரி என் வண்டியின் முன்பக்கத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சூடாக இருக்கிறது என்பதுபோல் தலையசைத்தார்.

அக்காதான் நடந்ததைச் சொன்னார். சரியாகப் பத்து மணிக்கு அவர்கள் மேடையிலிருந்து அளக்கத் தொடங்கியபோது, மேட்டுச் சரிவில், மரவரிசைகளுக்கு நடுவே ஓர் ஆள் கறுப்புக் குடையோடு நின்றதைத் தலைவர் முதலில் பார்த்திருக்கிறார். என் உயரம், என்னைப் போலவே ஒரு தோள் சற்றே தாழ்ந்த நிற்பு. முகம் குடைக்குள். கிராணி வந்துவிட்டார் என்று சொல்லிக் கையசைத்திருக்கிறார். அந்த ஆள் அசையவில்லை. தலைவர் வேலையைத் தொடரத் திரும்பியபோது அக்கா தடுத்திருக்கிறார்.

"அது கிராணித் தம்பி இல்லண்ணே. பத்து இருபத்தஞ்சுன்னு போட்டிருக்காரு பாருங்க."

நான் முன்கூட்டியே வந்திருக்கலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. இந்தத் தடவை மணியே போட்டிருக்கிறார், அதற்கு முன்னால் வரமாட்டார், வண்டிச் சத்தமும் கேட்கவில்லை என்றிருக்கிறார். அதிகாரி தம் கைப்பேசியில் வந்த மலாய்ச் செய்தியைப் பார்த்துவிட்டு, வேலையாள் யாருக்கும் இன்று இந்தப் பகுதியில் வேலை கிடையாது என்று சொல்லியிருக்கிறார். அப்போது மூவரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் இருக்கும் என்றார் தலைவர். அதற்கும் மேல் என்றார் அக்கா. அதிகாரி, தொழில் பழக்கத்தில், அந்த ஆள் எந்த வரிசையில் எத்தனையாவது மரத்தின் கீழ் நிற்கிறார் என்று எண்ணியிருக்கிறார். எண்ணி முடித்துவிட்டுப் பார்த்தபோது மரம் மட்டும் இருந்தது.

நேரமில்லை, வேலையைப் பார்ப்போம் என்றேன். என் குரல் எனக்கே சற்றுத் தூரத்திலிருந்து கேட்டது.

வரைபடத்தின்படி மேடையிலிருந்து அடி அளந்து நான்கு மூலையிலும் கழி நட்டோம். எல்லாம் பொருந்தியது. புதர்களுக்குள் பெரியவர்களின் சமாதிகள் நான் எதிர்பார்த்த இடத்திலேயே இருந்தன. அதிகாரி படிவத்தை எடுத்து வண்டியின் மேல் வைத்தார். மணி பதினொன்றாகப் பத்து நிமிடம்.

"கையெழுத்துக்கு முன்ன, அந்த ஆள் நின்ன எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்," என்றார் அக்கா.

அது எல்லைக்கு வெளியே இருக்கிறது, என் வரைபடத்தில் அங்கே ஒன்றுமே இல்லை என்றேன். அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். நாங்கள் பின்னால் போனோம். அதிகாரி மெதுவான குரலில் மலாயில் வரிசைகளை எண்ணிக்கொண்டே வந்தார். காய்ந்த மட்டைகளின் மேல் எங்கள் காலடிச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. பறவைகூடக் கத்தவில்லை என்று அன்றே குறித்து வைத்திருக்கிறேன்.

அவர் எண்ணிய மரத்தின் கீழ் காலடித் தடம் எதுவும் இல்லை. சுற்றிலும் மண் சொதசொதவென்று ஊறியிருந்தது. ஓரிடம் மட்டும், குடை அளவுக்கு வட்டமாக, காய்ந்திருந்தது. மரத்தின் மட்டைகள் மழையை மறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற மரங்களின் கீழே ஏன் அப்படி இல்லை என்று நான் அண்ணாந்து பார்க்கவில்லை. அதிகாரி வாய்க்குள் ஏதோ ஓதினார். தலைவரும் சேர்ந்துகொண்டார்.

அக்கா அந்தக் காய்ந்த வட்டத்தின் ஓரமாகக் குந்தி, கையால் மட்டைகளை விலக்கினார். மண்ணுக்குள்ளிருந்து வளைந்த வெள்ளை விளிம்பு ஒன்று தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கவிழ்த்துப் புதைத்த பால் மங்குகள், சின்ன நீள்வட்டமாக, நான்கடிகூட இராது. தள்ளி, செங்கல் வரம்போடு வேறு சில சின்ன மேடுகள். பிள்ளைகளைத் தனியாக மேட்டில் புதைத்திருக்கிறார்கள். பழைய கிராணி அதை வரையவில்லை. நான் அவரை நம்பி, ஒருவரும் விடுபடவில்லை என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்கா அழவில்லை. மங்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதிகாரி இரண்டு கழிகளைப் பிடுங்கி வந்து மேட்டுக்கு அப்பால் நட்டார், படம் எடுத்தார், படிவத்தில் அளவை மாற்றி எழுதிக் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை இயந்திரம் அந்தக் கழிகளோடு நின்றுகொண்டது. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மட்டைகள் எங்கும் ஈரம், அந்தக் காய்ந்த வட்டம் இல்லை.

வீட்டில் உட்கார்ந்து கூட்டக்குறிப்பு எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அழித்துவிட்ட அந்த ஆறு வரியை அனுப்பியிருந்தால், "எந்த நேரமும் வந்துவிடுவேன்" என்பதைப் படித்திருந்தால், குடையோடு நின்ற ஆளை அவர்கள் நான் என்றே எண்ணியிருப்பார்கள். கையசைத்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். நானும் வந்து சேர்ந்திருப்பேன், எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். திங்கட்கிழமை அந்த மேட்டைத் தோண்டியிருப்பார்கள்.

குறிப்பை வழக்கமான முறையில் எழுதினேன். தாமதம்: செயலாளர். முன்னறிவிப்பு 9.40க்குப் பெறப்பட்டது, வருகை 10.24. வருகைதந்தோர் என்ற தலைப்பின் கீழே எங்கள் நால்வரையும் எழுதிவிட்டு நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டம் உணவகத்தில் நடந்தது. தலைவர் குறிப்பை முழுதாகப் படித்துவிட்டு, அந்தப் பத்து மணி ஆளை விட்டுவிட்டீர்களே என்றார். அவரைப் பற்றி என்னவென்று எழுதுவது, அவர் முன்னறிவிப்பு எதுவும் அனுப்பவில்லையே என்றேன். சிரிப்பதற்காகத்தான் சொன்னேன்.

தலைவர் சிரிக்கவில்லை. தேநீரை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"அவரு ஏன் அனுப்பணும் கிராணி? அவரு நேரத்துக்கு வந்துட்டாரு."