பதில் வராத இரண்டாவது வரி

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் லீவு கேட்டதில்லை. அப்பா வேலைக்குப் போகாத நாளில் கூலி கிடையாது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் கிடையாது. அதனாலோ என்னவோ, லீவு கேட்பது எனக்கு இன்றைக்கும் பிச்சை கேட்பதுபோல்தான் இருக்கிறது.

காரைக்குடியில், வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. பதினோரு பேர் கொண்ட குழுவுக்கு நான் மேனேஜர். அப்பாவுக்குக் குடலிறக்கம் முற்றி, மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். டைரக்டருக்கு மெயில் எழுதினேன். முதல் வரியில் ஐந்து நாள் லீவு. இரண்டாவது வரியில், ஷிப்ட் மாற்றுவது, குழுவில் யாருக்காவது லீவு கொடுப்பது, தேவைப்பட்டால் டெலிவரியைத் தள்ளிவைப்பது ஆகியவற்றை என் இடத்தில், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற குழுவின் மூத்தவர் முடிவு செய்வார், இதற்கும் ஒப்புதல் வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

அக்கா கொத்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கம்பெனியில் என்னைவிட ஆறு வருஷம் மூத்தவர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரே அவர்தான். டிகிரி இல்லாததால் மேனேஜர் ஆகவில்லை. டீம் லீடர் பதவிக்கு அந்த மாதம்தான் அவர் பெயர் பேச்சில் இருந்தது.

டைரக்டரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. “லீவ் ஓகே. அப்பாவைப் பார்த்துக்கொள்.”

இரண்டாவது வரிக்குப் பதிலில்லை என்பதை அப்போதே கவனித்தேன். மாடியேறிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால், “அந்தம்மா முடிவெடுக்குமா? அப்ப நீ மூணு நாள்ல வந்துரு” என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். கிடைத்த லீவு கையை விட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“சார் என்ன சொன்னாரு தம்பி?” என்று அக்கா கேட்டார்.

“ஓகே சொல்லிட்டாருக்கா.”

“எல்லாத்துக்குமா?”

“எல்லாத்துக்குந்தான்.”

“அப்பச் சரி. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க. ஆபீசத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிராதீக” என்று சிரித்தார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் மதியம், வார்டுக்கு வெளியே நின்றிருந்தபோது டைரக்டர் போனில் கூப்பிட்டார். ஒரு கணக்குப் புத்தகத்தில், திருத்தம் போட்ட பிறகு சமன்பாட்டு எண்கள் மூன்று பக்கத்தில் இடம் மாறியிருந்திருக்கின்றன. அக்கா அதைக் கண்டுபிடித்து, டெலிவரியை மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்துப் பதிப்பகத்துக்கே மெயில் அனுப்பிவிட்டார். அவர்களும் சரி என்று சொல்லிவிட்டார்கள். நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த வாரம் எதுவும் தாமதமாகாது என்று டைரக்டர் அதே பதிப்பகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

“கிளையண்டுக்கு எழுத அந்தம்மாவுக்கு யாருய்யா அதிகாரம் கொடுத்தது? ஒன்னையக் கேக்குறேன், நான் ஒத்துக்கிட்டேனா?”

“இல்ல சார்.”

“அவ்வளவுதான். நீ அப்பாவைப் பாரு.”

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால், ‘அவர் ஒத்துக்கொண்டதாக அக்காவிடம் நான்தான் சொன்னேன்’ என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க நேரம் இருந்தது. போனை அவர் உடனே வைக்கவில்லை.

உள்ளே போனதும் அப்பா, “ஆபீசா? ஒன்னைய நம்பித்தான் ஓடுதாக்கும்?” என்றார். பெருமையாகத்தான் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆறாம் நாள் வேலைக்கு வந்தபோது, அக்காவின் மேசையில் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. அதிகாரம் இல்லாமல் வாடிக்கையாளருடன் தொடர்பு கொண்டது குற்றமாம். டீம் லீடர் பதவிக்கு வேறொரு பெயர் போய்விட்டது.

“அப்பா எப்படி இருக்காக?” என்றுதான் அக்கா முதலில் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எல்லாத்துக்குந்தான்னு சொன்னீகளே தம்பி” என்றார்.

அன்றைக்கே டைரக்டருக்கு எழுதினேன். அவர் ஒப்புதல் தராததை மறைத்தது நான், அக்கா என்னை நம்பி முடிவெடுத்தார், கடிதம் எனக்குத்தான் வர வேண்டும் என்று நாலு பத்தி. நகலை அக்காவுக்கும் அனுப்பினேன். டைரக்டர் மாடிக்குக் கூப்பிட்டு, “படிச்சேன். நல்ல பையன்தான் நீ. ஆனா போட்ட லெட்டரைத் திரும்ப வாங்க முடியாதுப்பா, நாளைக்கு ஆளாளுக்கு இதையே கேப்பாங்க. விடு” என்றார்.

கீழே வந்து சொன்னேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அன்னைக்குப் போன்ல ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா முடிஞ்சிருக்கும். இப்ப நாலு பத்தி எழுதி என்ன செய்ய?”

அக்கா வேலையை விடவில்லை. விடுகிற நிலையில் அவர் வீடு இல்லை. என்னோடு சண்டையும் போடவில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு ஷிப்ட் மாற்றம் என்றாலும், அரைநாள் லீவு என்றாலும், இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிற என்னிடம் மெயிலில்தான் கேட்கிறார். நான் வாயால் சரி என்று சொன்னால், தலையாட்டிவிட்டு, பதில் எழுத்தில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.