ஏழரைக்கு வந்தா போதுமாம்!

அந்த பார்லரில் அவளுக்கு ‘ஐலைனர் அக்கா’ என்று பேர். பதினாறு வருஷமாக மணப்பெண்களின் கண்ணுக்குக் கோடு வரைந்த கை. ஒரு கோடு கோணலாகப் போனதில்லை. அந்தக் கையைத்தான் போன மாசம் ஊரறிய ‘மந்தம்’ என்றாள் முதலாளியம்மா!

நடந்தது இவ்வளவுதான். பத்து மணி கல்யாணத்துக்கு ஒரு பெண் ஏழரைக்கு வந்தாள். எட்டரைக்கே போட்டோக்காரர் வந்து நின்றார். அப்போது அவளுக்கு ஒரு கண் மட்டும்தான் முடிந்திருந்தது. பெண் அழ, அவள் அம்மா கத்த, முதலாளியம்மா சட்டென்று ஐலைனர் அக்காவின் கையைக் காட்டிவிட்டாள். “இவ கை கொஞ்சம் மந்தம்ங்க.” ஏழரைக்கு வரச் சொன்னது யார்? பார்லரின் இன்ஸ்டாகிராம் விளம்பர ரீல்! அதை யாராவது வாயைத் திறந்து சொன்னார்களா?

இன்று புது ரீல். அதை எடுக்க வந்த வீடியோக்காரர், முதலாளியம்மா சொல்லி எழுதியதை வாசித்தார். “பேக்கேஜ்ல மேக்கப், ஹேர்ஸ்டைல், புடவை கட்டறது, நகை செட் பண்றது. விழா பத்து மணிக்கா? ஏழரைக்கு வந்தா போதும்! புக் பண்ண தேதியை வாட்ஸ்அப் பண்ணி அட்வான்ஸ் கட்டுங்க.”

ஐலைனர் அக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. மறுபடியும் அதே ஏழரை!

“நிறுத்துங்க சார். முன்னாடியே போட்டுப் பார்க்கற ட்ரையல் மேக்கப் எங்க? புது க்ரீமைக் காதுக்குப் பின்னால தடவி ரெண்டு நாள் பார்க்கணுமே, அது எங்க? கல்யாணத்தன்னிக்கு மூஞ்சி வீங்கினா அதுக்கும் என் கைதான் காரணமா?”

“ரீல் முப்பது செகண்டுதான்டி,” என்றாள் முதலாளியம்மா. “நேரத்தை நீட்டிச் சொன்னா எதிர்த்த கடைக்குப் போயிடுவாங்க. கை ஓடலைன்னா சொல்லு, புருவம் எடுக்கற சீட்டுக்கு மாத்திடறேன்.”

பதினாறு வருஷ உழைப்புக்குப் புருவம் எடுக்கற சீட்டு! ஆனாலும் அவள் விடவில்லை.

“மேக்கப் ஒன்றரை மணி நேரம். முடி ஒரு மணி. புடவையும் நகையும் முக்கால் மணி. கால் மணி கையில வெச்சுக்கணும். மொத்தம் மூன்றரை. விழா நேரத்தைக் கேட்டு என்ன பிரயோஜனம் மேடம்? போட்டோக்காரர் எப்ப வர்றார்னு கேட்டு, அதுல இருந்துதான் பின்னோக்கி எண்ணணும்.”

“பெரிய கணக்கு வாத்தியார்! எல்லாம் ஏழரைக்கு வந்தா முடியும்.”

“அப்படியா? போன வருஷம் உங்க பொண்ணு கல்யாணமும் பத்து மணிக்குத்தான். என்னை எத்தனை மணிக்கு வரச் சொன்னீங்க?”

முதலாளியம்மா கண்ணாடி பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடியோக்காரர் பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார்.

“எழுதக் காத்திருக்கார் பாருங்க. சொல்லுங்க மேடம்.”

“அஞ்சு,” என்றாள் முதலாளியம்மா, வாய்க்குள்ளேயே.

“சத்தமா சொல்லுங்க. அன்னிக்கு என்னை மந்தம்னு சொன்னீங்களே, அந்த அளவுக்கு.”