அப்பாவின் முக்காலி

பேத்தி ஏறி நின்றதும் பழைய முக்காலி கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் என்னை அறுபதுகளின் பாலக்கோட்டுக்கு இழுத்துப் போனது. ஒன்பதாம் வகுப்பில் எளிய பொதுக் கணக்கா, கடினமான காம்போசிட் கணக்கா என்று படிவத்தில் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

“பொம்பளப் புள்ளைக்குப் பொதுக் கணக்கே போதும்,” என்றார் அப்பா.

“அத எடுத்தா காலேஜ்ல, பி.யூ.சி.ல கணக்கு குரூப் தர மாட்டாங்கப்பா. இப்ப விட்டா அவ்வளவுதான்.”

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். “பெயிலானா கடலக்கா புடுங்க வந்துடணும்.”

தலைமையாசிரியரோ படிவத்தைத் திருப்பித் தந்தார். “அந்த வகுப்புல எல்லாம் பசங்க. பொண்ணுக்குத் தனியா பெஞ்சு இல்ல. பொதுக் கணக்குக்கே போயிரும்மா.”

வீட்டில் அழுதேன். மறுநாள், தான் மட்டுமே உட்காரும் முக்காலியைத் தலையில் சுமந்துகொண்டு அப்பா பள்ளிக்கு வந்தார்.

“எடம் கொண்ணாந்துட்டேங்க. நீங்க கணக்கு சொல்லிக் குடுங்க.”

பதினோராம் வகுப்போடு பள்ளி முடியும்வரை மூன்று வருடம் அப்பா வீட்டில் தரையில்தான் உட்கார்ந்தார். பி.யூ.சி.யில் எனக்குக் கணக்கு குரூப் கிடைத்த அன்று முக்காலியை வாசலில் போட்டு, தெருவே பார்க்கக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.