நாலாம் கேள்வியில் ஒரு குடும்பம்

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசலில் கையெழுத்து வாங்கும் காவலாளி முதல் இரண்டாம் மாடியில் இருக்கும் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் ரிவர்ஸ் அக்கா. மற்றவர்கள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பார்கள். அவள் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவாள். வண்டியைப் பின்னால் எடுப்பது போன்ற வேலை என்று எவனோ ஒருவன் கிண்டலாக வைத்த பெயர், பதினோரு வருடமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. "பின்னாடி பார்த்து ஓட்டத் தெரிஞ்சவதான் நல்ல டிரைவர்" என்பாள்.

அவளுடைய அப்பா தபால் பிரிக்கும் வேலை பார்த்தவர். முகவரியில் ஓர் எழுத்து தவறினால் கடிதம் எங்கே போய்ச் சேரும் என்று சாப்பாட்டு நேரத்தில் கதை கதையாகச் சொல்வார். அந்த வீட்டில் வளர்ந்தவள், ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்து, அங்கே இரண்டு மொழியிலும் கை பழகி, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதங்களை மொழிபெயர்த்து, கடைசியில் இந்த ஆய்வு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். ஊர் ஊராகப் போய் வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கும் ஆய்வுகளை நடத்துகிற அலுவலகம் அது.

அவளுடைய வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஆங்கில மூலத்தை அவள் கண்ணால் பார்க்கக் கூடாது. தமிழ்க் கேள்வித்தாள் மட்டும் அவள் மேசைக்கு வரும். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே ஆங்கிலமாக்கிக் கொடுக்க வேண்டும். பிறகு மூலத்தையும் அவள் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் தமிழ் சரியாக இருக்கலாம். ஒத்துப்போகாத இடத்தில் தமிழைத் திறந்து பார்க்க வேண்டும். மூலத்தை முன்னாலேயே பார்த்துவிட்டால் கை தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால்தான் அந்தச் சட்டம்.

அந்த வருடம் வந்தது ஒரு பெரிய ஆய்வு. வீடுகளில் குடிநீர், நோய், சாப்பாடு பற்றி நாலாயிரம் வீடுகளில் கேட்க வேண்டும். அறுபத்தெட்டுக் கேள்விகள். தமிழாக்கியவன் கீழ்மாடியில் இருந்த இளைஞன். கல்யாணப் பத்திரிகைகளுக்கு வாழ்த்து எழுதிக் கொடுப்பான் என்பதால் அவனுக்குக் கவிஞர் என்று பெயர். மூன்று நாளில் ரிவர்ஸ் அக்கா தன் ஆங்கிலத்தைக் கொடுத்துவிட்டாள்.

ஒப்பிடும் கூட்டம் நீள மேசை போட்ட அறையில் நடந்தது. புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் மூன்று பத்தி விழுந்தது: மூலம், தமிழ், அக்காவின் ஆங்கிலம். அந்த நேரத்தில்தான் அவளும் மூலத்தை முதல் முறை பார்ப்பாள். பதினாறாம் கேள்வியில் மாட்டியது. கடந்த ஏழு நாட்களில் காய்ச்சல் வந்ததா என்று மூலத்தில் இருந்தது. அவளிடமிருந்து வந்ததோ "லாஸ்ட் வீக்."

"தமிழ்ல 'போன வாரம்'னுதான் இருக்கு" என்றாள் அவள். "வியாழக்கிழமை போய்க் கேட்டா, முந்தா நாள் வந்த காய்ச்சல் இந்த வாரக் கணக்காச்சே. அதைச் சொல்லவே மாட்டாங்க."

கவிஞர் காது சிவக்கத் திருத்திக்கொண்டான். இன்னும் நாலைந்து சின்னத் திருத்தங்கள். மற்றதெல்லாம் அச்சு வார்த்தது போல ஒத்துப்போனது. இயக்குநர் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நாலாம் கேள்வியைப் பாருங்க. ஒரு எழுத்து பிசகலை" என்றார். "நாளைக்கு மறுநாள் கள ஆளுங்க டேப்லட்ல ஏத்திடலாம்."

ரிவர்ஸ் அக்கா நாலாம் கேள்வியைப் பார்த்தாள். மூலத்தில் "ஹவுஸ்ஹோல்ட்" என்று இருந்தது. அவளுடைய பத்தியிலும் "ஹவுஸ்ஹோல்ட்". நடுப்பத்தியில் தமிழ்: "உங்கள் குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர்?"

ஹவுஸ்ஹோல்ட் என்றால் ஒரே வீட்டில் சேர்ந்து தங்கிச் சாப்பிடுகிறவர்கள்; குடும்பம் என்றால் ஃபேமிலி, உறவுக்காரர்கள். நியாயமாக அவள் எழுதியிருக்க வேண்டியது அதுதான். பதினோரு வருடமாக இந்த மாதிரி ஆய்வுகளில் அந்த இடத்தில் எது வரும் என்று அவள் கைக்குத் தெரியும். கண் தமிழைப் படித்தது, கை பழக்கத்தை எழுதிவிட்டது. மூலத்தைப் பார்க்காமலே பார்த்தவள் போல எழுதியிருக்கிறாள். இரண்டு ஆங்கிலமும் கைகோத்து நிற்க, நடுவில் தமிழ் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒருவேளை தானே பெரிதாக்குகிறோமோ என்ற எண்ணமும் வந்தது. வீட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வீட்டில் தேநீர் நேரம். பல் செட் செய்யும் கூடத்திலிருந்து கணவர் வந்திருந்தார். கொழுந்தன் செய்தித்தாளில் மூழ்கியிருந்தான். பின்கட்டு அறையில் குடியிருக்கும் தையல்கார அம்மா, வழக்கம் போலச் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாலு வருடமாக அவளுக்கு மூன்று வேளையும் இங்கேதான் சாப்பாடு.

"என்னங்க, ஒரு விஷயம் கேட்கறேன். யோசிக்காம சொல்லுங்க. நம்ம குடும்பத்துல எத்தனை பேர்?"

"இதென்ன கேள்வி? நாலு பேர். நீ, நான், தம்பி, பாப்பா."

மகள் பாப்பா வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போய் இரண்டு வருடமாகிறது. விடுமுறைக்கு வந்தால் உண்டு.

தையல்கார அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப நான் யாருண்ணே? தினம் உங்க வீட்டுச் சட்டியைக் காலி பண்றவ நான்தானே."

"அட, உங்களைச் சொல்லாம விடுவேனா? இவ குடும்பம்னு கேட்டா. அதான்."

ரிவர்ஸ் அக்காவுக்கு அது போதும். அவள் வீட்டில் தண்ணீர் குடிப்பவர்களும் நோய் வந்தால் படுப்பவர்களும் நாலு பேர்தான். ஆனால் அவள் கணவர் சொன்ன நாலு வேறு, அந்த ஆய்வுக்கு வேண்டிய நாலு வேறு. எண் ஒன்றாக வந்ததால் இதை யாரும் கண்டுபிடிக்கக்கூட மாட்டார்கள்.

மறுநாள் காலை இயக்குநர் அம்மா பையை மேசையில் வைக்கும் முன்னாலேயே அவள் அறைக்குள் நின்றாள்.

"மேடம், நாலாம் கேள்வி தப்பு. தப்பு தமிழ்ல இருக்கு. அதை மறைச்சது நான்."

உட்கார வைத்து முழுவதும் கேட்டார் இயக்குநர். கவிஞரையும் மேலே கூப்பிட்டார். அவன் விடவில்லை.

"குடும்பம்னுதானே எல்லாரும் பேசறோம், அக்கா? வேற என்ன போடறது? இல்லறத்தோர்னா போட முடியும்? கதவைத் திறந்ததும் ஓடிப்போயிடுவாங்க."

"உன் தமிழ் நல்ல தமிழ்தான், தம்பி. அது வேற கேள்விக்கு நல்ல தமிழ். நான் ஒழுங்கா ஃபேமிலினு எழுதியிருந்தா, நேத்தே மேசையில வெச்சுப் பேசியிருப்போம்."

"நீங்களும் தப்பா எழுதலையே. அர்த்தம் புரிஞ்சு எழுதினீங்க."

"எனக்கு அர்த்தம் புரியறது முக்கியமில்லை. கதவைத் திறக்கறவங்களுக்கு என்ன புரியுதுங்கறதுதான் வேணும்."

இயக்குநர் அம்மா பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். டேப்லட்டில் ஏற்றும் தேதி தள்ளிப் போகும், கள ஆட்கள் காத்திருப்பார்கள், ஆய்வு கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் அவர் கணக்கைக் கண்மூடி நம்புகிறவர் இல்லை. "நாம மூணு பேரும் இங்க உக்காந்து அடிச்சுக்கறதுல பிரயோஜனம் இல்லை. பன்னிரண்டு வீட்டுக்குப் போவோம். கேள்வியைக் கேட்டு, பதில் சொன்னதும் யாரையெல்லாம் எண்ணினீங்க, வேற யாராவது இங்க தங்கிச் சாப்பிடறாங்களானு பேரு பேரா கேட்போம்" என்றார்.

பக்கத்துக் குடியிருப்பில் ஆரம்பித்தார்கள். ரிவர்ஸ் அக்காவுக்குப் பதினோரு வருடத்தில் இதுதான் முதல் வாசற்படி. கேட்பது கவிஞர், எழுதுவது அவள் என்று ஏற்பாடு. முதல் இரண்டு வீட்டில் எண்ணிக்கையும் ஆட்களும் சரியாக இருந்தன. கவிஞரின் நடையில் கொஞ்சம் மிடுக்கு கூடியது. மூன்றாவது வீட்டில் ஒரு பெண் "அஞ்சு பேர்" என்றாள். பெயர் கேட்டால், அதில் ஒருவர் கப்பல் வேலைக்குப் போய் ஒன்றரை வருடமாகத் திரும்பாத கணவர். அடுத்த மாடியில் ஒரு பெரியவர் "நானும் என் சம்சாரமும், ரெண்டே பேர்" என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஒரு பெண் இருமினாள். பெரியவரின் மனைவியைப் பார்த்துக்கொள்ள வந்து, அங்கேயே தங்கிச் சாப்பிடுகிற நர்ஸ் அவள்.

"அவங்களைச் சொல்லலையே, சார்" என்றான் கவிஞர்.

"அது வேலைக்கு வந்த பொண்ணு, தம்பி. குடும்பம்னுதானே கேட்டீங்க?"

இறங்கும்போது படிக்கட்டில் கவிஞர் நின்றான். "அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தா நம்ம கணக்குல வராது, இல்லக்கா?"

"வராது. கப்பல்ல இருக்கறவர் குடிக்காத தண்ணி வரும்."

பன்னிரண்டில் ஐந்து வீட்டில் ஆள் மாறிப்போயிருந்தது. அவற்றில் இரண்டு வீட்டில், அக்காவின் வீட்டைப் போலவே, மொத்த எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது. இயக்குநர் அம்மா அந்த இரண்டையும் வட்டமிட்டு, டேப்லட்டில் ஏற்றும் தேதியை அடித்தார்.

புதுக் கேள்வியை மூவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள். கவிஞர் ஏழு முறை அடித்து அடித்து எழுதினான். கடைசியில் நின்றது இது: "இந்த வீட்டில் வழக்கமாகத் தங்கி, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் மொத்தம் எத்தனை பேர்? உறவு இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு இடத்தில் தங்கியிருப்பவர்களை விட்டுவிடுங்கள்." குடும்பம் என்ற சொல் வந்த மற்ற ஒன்பது கேள்விகளிலும் அதைத் தேடித் தேடி மாற்றினார்கள்.

"சரி அக்கா, இதை இன்னிக்கே ரிவர்ஸ் பண்ணிடுங்க" என்றார் இயக்குநர்.

"நான் தொடக் கூடாது, மேடம்."

"ஏன்?"

"மூலத்தைப் பார்த்துட்டேன். இப்ப எழுதினதுலயும் என் கை இருக்கு. இனிமே இந்தக் கேள்வித்தாளுக்கு நான் செல்லாத ஆள். பார்க்காத ஒருத்தரைப் பிடிங்க. சர்வே வாடையே தெரியாதவங்களா இருந்தா இன்னும் நல்லது."

பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் ஒரு டீச்சரிடம் போனது. இரண்டு நாளில் திரும்பி வந்த ஆங்கிலம் கரடுமுரடாக இருந்தது. ஹவுஸ்ஹோல்ட் என்ற சொல்லே அதில் இல்லை. இங்கே தங்குகிறவர்கள், ஒரே சமையலைச் சாப்பிடுகிறவர்கள், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று நீட்டி முழக்கியிருந்தார் டீச்சர். மூலத்தோடு ஒரு சொல்கூட ஒட்டவில்லை. ஆனால் மூலத்தின் அடிக்குறிப்பில் ஹவுஸ்ஹோல்டுக்குக் கொடுத்திருந்த விளக்கத்தோடு பொருள் பொருந்தியது. அதற்குப் பிறகும் இன்னொரு பத்து வீட்டில் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் சந்தேகம் வந்தது, அதுவும் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வந்து தங்கும் மருமகனைப் பற்றி. அதற்குக் கேட்பவர்களின் கையேட்டில் ஒரு வரி சேர்த்தார்கள். ஆய்வு ஒன்பது நாள் தாமதமாகக் கிளம்பியது.

கிளம்பிய அன்று இயக்குநர் அம்மா ஒரு புதிய படிவத்தை ரிவர்ஸ் அக்காவிடம் நீட்டினார். இனி எல்லாத் திருப்பி மொழிபெயர்ப்புக்கும் அதுதான். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். எழுதியபோது எந்தச் சொல்லை ஊகித்தீர்கள் என்று அதில் குறிக்க வேண்டும்.

"நாலாம் கேள்வியில நீங்க சொன்னதுல இருந்து வந்தது. இது உங்க ஐடியானு போட்டுடட்டுமா?"

"வேண்டாம், மேடம். கட்டத்தை மட்டும் கொஞ்சம் பெரிசா போடுங்க. என் எழுத்து பெரிசு" என்றாள் அவள்.

அடுத்த வாரமே அவள் மேசைக்குக் கவிஞர் தமிழாக்கிய, பேருந்துப் பயணிகள் பற்றிய கேள்வித்தாள் ஒன்று வந்தது. முதல் பக்கத்திலேயே மூன்று கட்டத்தை நிரப்பினாள். மத்தியானம் கவிஞர் சாப்பாட்டு டப்பாவோடு மேலே வந்து, கட்டங்களை எட்டிப் பார்த்து, "என் பிழைப்புல மண்ணு போடறதுக்கே உங்களுக்குச் சம்பளம்" என்றான்.

"உக்காரு. 'பக்கத்து ஸ்டாப்'னு எழுதியிருக்கியே, அடுத்த ஸ்டாப்பா, கிட்டத்துல இருக்கற ஸ்டாப்பா? எங்கிட்ட பதில் சொல்லாதே, நீயே யோசி."

அவன் டப்பாவைத் திறக்காமலே யோசிக்க ஆரம்பித்தான்.